இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு ஒரு கதை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். விளக்கை அணைத்தால் அழுகிறான். ராத்திரி பாத்ரூம் போக வேண்டும் என்றால் என்னை எழுப்பிவிடுகிறான். "அங்கே ஒண்ணுமே இல்லடா" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கதை வழியாகச் சொல்லலாம் என்று பார்த்தால், நாங்கள் வாங்கிய புத்தகங்களில் தேவதை வந்து பயத்தைப் போக்கிவிடுகிறது. அதைக் கேட்டபின், "நம்ம வீட்டுக்குத் தேவதை எப்ப வரும்?" என்கிறான். அவனுக்குச் சொல்ல ஒரு கதையும், கதை முடிந்ததும் அவனிடம் என்ன பேசலாம் என்பதையும் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. தேவதை வந்து தீர்க்கிற கதையில், பிள்ளை தானாகச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தேவதை வராத ராத்திரியில் அவன் என்ன செய்வான்? அதனால் இருட்டில் அவனே செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியம் கதைக்குள் இருக்க வேண்டும். கதையில் வரும் பிள்ளைக்கு உங்கள் மகனின் பெயரை வைக்காதீர்கள். வேறு பிள்ளையின் பயம் என்றால்தான் அவன் கூச்சமில்லாமல் பேசுவான்.

கயல் எண்ணிய இருபது

கயலுக்கு ஆறு வயது. பகலில் அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை. தெரு நாயைக்கூடத் தடவிக் கொடுப்பாள். ராத்திரி ஆனால் மட்டும் ஆச்சியின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டே அலைவாள்.

ஒருநாள் ராத்திரி, பாயில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. வீடு முழுக்க இருட்டு.

"ஆச்சி! எனக்கு ஒண்ணுமே தெரியல!"

"எனக்குந்தான் தெரியல" என்றாள் ஆச்சி.

"உனக்குமா?"

"ஆமா. கண்ணு இவ்வளவு நேரம் வெளிச்சத்துல இருந்துச்சுல்லா? இருட்டு பழக அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். வா, மெதுவா இருபது எண்ணுவோம்."

கயல் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று... இரண்டு... மூன்று... ஐந்து வந்தபோது ஜன்னல் தெரிந்தது. பத்து வந்தபோது ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. பதினைந்து வந்தபோது கயல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆச்சி, அந்த மூலையில யாரோ நிக்காங்க!"

"அப்படியா? எப்படி இருக்காங்க?"

"கை ரெண்டும் தொங்குது."

"தலை?"

கயல் உற்றுப் பார்த்தாள். "தலையக் காணோம்."

"கால் இருக்கா?"

"காலும் இல்ல."

"கை மட்டும் இருக்கு, தலையும் காலும் இல்ல. அது என்னவா இருக்கும்?" என்று விடுகதை போடுவதுபோல் கேட்டாள் ஆச்சி.

கயல் யோசித்தாள். பதினாறு... பதினேழு... பதினெட்டு...

"தாத்தா சட்டை! ஆணியில மாட்டியிருக்கு!"

"தொட்டுப் பார்த்துட்டு வாரியா? நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

கயல் எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். திரும்பி ஆச்சியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். கையை நீட்டித் தொட்டாள். சட்டையில் தாத்தாவின் விபூதி வாசனை அடித்தது. ஓடிவந்து பாயில் விழுந்தாள்.

கரண்ட் இன்னும் வரவில்லை.

"ஆச்சி, இன்னும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். கொஞ்சந்தானே?"

கயல் முந்தியின் ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு சொல்லும்போதே தூங்கிப்போனாள்.

பேசுவதற்கு நான்கு கேள்விகள்

கதையை முதல்முறை படுக்கையில் சொல்லாதீர்கள். சாயங்காலம் விளக்கு எரியும்போது சொல்லுங்கள். பிறகு இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை.

1. ஆச்சிக்கும் கண் தெரியலன்னு கேட்டதும் கயலுக்கு எப்படி இருந்திருக்கும்?
2. அது சட்டைதான்னு கயல் எப்படிக் கண்டுபிடிச்சா?
3. கடைசியில கயலுக்கு எவ்வளவு பயம் மிச்சம் இருந்துச்சு? கையை விரிச்சுக் காட்டு.
4. நம்ம வீட்டுல ராத்திரி வேற மாதிரி தெரியுற சாமான் எது?

முதல் மூன்றும் கயலைப் பற்றியவை. நான்காவதில்தான் பேச்சு உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதிலும் பயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, சாமானைப் பற்றித்தான் கேட்கிறோம். "உனக்கும் பயமா?" என்று நேராகக் கேட்டால் "இல்ல" என்று முடித்துவிடுவான். "கயல் மாதிரி நீயும் தைரியமா இருப்பியா?" என்றால் கதை பாடமாகிவிடும், அடுத்த முறை கேட்க வரமாட்டான்.

மூன்றாவது கேள்விக்கு அவன் கைகளை அகல விரித்துக் காட்டினால் திருத்தாதீர்கள். அது அவனுடைய பயத்தின் அளவு. இதற்காகத்தான் கதை முடிவில் கரண்டும் வரவில்லை, பயமும் முழுதாகப் போகவில்லை. கரண்ட் வந்திருந்தால் கயலைக் காப்பாற்றியது வெளிச்சம் என்று ஆகியிருக்கும்.

இனி வீட்டில்

இருபது எண்ணுவது வெறும் கவனத் திருப்பல் இல்லை. விளக்கு அணைந்ததும் கண்ணின் பாவை விரிய ஆரம்பிக்கிறது, சில நொடிகளிலேயே ஓரளவு தெரியும். மங்கிய ஒளியில் பார்க்கிற செல்கள் முழுத்திறனுக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அவற்றால் நிறம் பிரித்தறிய முடியாது, அதனால்தான் சிவப்புச் சட்டையும் ஆள் நிழல்போலத் தெரிகிறது. "ஒண்ணுமே இல்ல" என்று நீங்கள் சொல்லும் நேரத்தில் அவன் கண்ணுக்கு ஏதோ ஒன்று உண்மையாகவே தெரிகிறது. அதனால்தான் அந்தச் சொல் எடுபடவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டுவதும் வேண்டாம். அதை அணைத்ததும் பழகிய கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும், இருட்டு முன்னைவிட அதிகமாகத் தெரியும். பாத்ரூம் வழியில் தரையோரமாக ஒரு மங்கலான விடிவிளக்கு போதும்.

கதை பிடித்துப்போனால் அதையே விளையாட்டாக்குங்கள். முதலில் நீங்கள் பக்கத்தில் இருக்க, விளக்கை அவனே அணைத்து இருபது எண்ணட்டும். அது அவனுக்குச் சாதாரணமானதும், நீங்கள் வாசற்படியில் நின்றுகொள்ளுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் படுக்கையிலிருந்தே குரல் கொடுக்க, அவன் பாத்ரூம் வரை போய்வரட்டும். ஒவ்வொரு படியிலும் சில ராத்திரிகள் ஆகலாம். மறுத்து அழுதால் நாம் அவசரப்பட்டிருக்கிறோம் என்று பொருள்; முந்தைய படிக்குத் திரும்புங்கள். தினமும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடிக் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அம்மாவே தேடுகிறாள் என்றால் அங்கே ஏதோ இருக்கக்கூடும் என்றுதான் பிள்ளை நினைக்கும். சாப்பிட வைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

இந்த வயதில் இருட்டுப் பயம் சகஜம், பெரும்பாலும் தானாகக் குறையும். ஆறு மாதத்துக்கும் மேல் குறையாமல் நீடித்தாலோ, பகலிலும் தனியே இருக்க மறுத்தாலோ, ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் பிறகு திடீரென்று தொடங்கியிருந்தாலோ குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் அலறி எழுந்து, காலையில் எதுவும் நினைவில்லாமல் இருப்பது வேறு வகை. அதற்கு இந்தக் கதை மருந்தில்லை, அதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

இரண்டு மூன்று முறை சொன்னபின், கதையை அவனைச் சொல்லச் சொல்லுங்கள். தாத்தா சட்டை இருந்த இடத்தில் அவன் குடையையோ பள்ளிக்கூடப் பையையோ மாட்டினால் திருத்தாமல் கேளுங்கள். அவனைப் பயமுறுத்துகிற சாமான் எதுவென்று அப்போது உங்களுக்குத் தெரிந்துவிடும்.