ஒட்டுப்படத்தின் கறுப்பு ஓரங்கள்

கடைவீதி முழுவதையும் ஐந்தாறு படங்களாக எடுத்துக் கணினியில் ஒட்டினால், ஓரங்களில் ஆப்பு வடிவில் கறுப்புத் துண்டுகள் தங்கிவிடும். அவற்றை நீக்க அகலத்தில் எவ்வளவு விடலாம்? ஆப்பின் வடிவத்தைப் பார்த்தே நாம் முடிவு செய்ய வேண்டும்.

9000 பிக்சல் அகலமும் 2000 உயரமும் உள்ள பட்டை, இடமிருந்து வலமாக 400 பிக்சல் சரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முழு அகலத்தையும் வைத்தால் உயரம் 1600 தேறும். அகலத்தில் 900 விட்டாலும் உயரம் 40தான் கூடும். சுத்த நஷ்டம்! இத்தகைய நீளச் சரிவை வெட்டக் கூடாது; முதலில் படத்தைச் சுழற்றி நேராக்க வேண்டும்.

நேராக்கிய பின், இரு முனைகளிலும் கடைசி 300 பிக்சலுக்குள் மட்டும் மேற்புற ஆப்பு 250 ஆழம் இறங்கியிருந்தால் கணக்கு வேறு. பக்கத்துக்கு 300 விட்டால் அகலம் 8400 ஆகும். உயரத்தில் 250 மிச்சம். தாராளமாக விடலாம்.

ஆனால் அந்த 300-க்குள் ஓரக் கடையின் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பலகை பாதியாக நின்றால் அந்தக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? அப்படியானால் அகலத்தை வைத்துக்கொண்டு, மேலே வெறும் வானத்தில் 250-ஐ விட்டுவிடுவோம்.