பட்டம் ஒரு மேசையில், படித்த காலம் இன்னொரு மேசையில்

கேள்வி: ஆரப்பாளையத்தில் மருந்து மொத்த விற்பனை செய்கிறேன். உரிமத்தில் பொறுப்பு நபராக இருந்தவர் விலகுகிறார். அவர் இடத்துக்கு மருந்துக் கடை அனுபவமுள்ள ஒரு பி.காம். பட்டதாரியை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பயோடேட்டாவில் ‘பி.காம்., 2012–2015’ என்று போட்டிருக்கிறார். பட்டச் சான்றிதழில் நவம்பர் 2016 தேர்வில் தேறியதாக இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பதிவாளருக்குச் சான்றிதழை இணைத்து, ‘இது உண்மையா, படித்த காலம் சரியா?’ என்று மெயில் அனுப்பினேன். பதிலே இல்லை. ஆள் பொய் சொல்கிறாரா?

பதில்: பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு ஆண்டுகளுமே சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மெயிலுக்குப் பதில் வராததற்கும் காரணம் அதேதான். ஒரே அலுவலகத்தில் இல்லாத இரண்டு விஷயங்களை ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஆண்டுக் கணக்கு. பையன் 2012 ஜூன் வாக்கில் கல்லூரியில் சேர்ந்து, மூன்று வருடம் வகுப்புக்குப் போய், 2015 ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு டி.சி. வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார். ஒன்றிரண்டு தாளில் அரியர் விழுந்திருக்கும். அதை எழுதி எழுதி, 2016 நவம்பரில் கடைசித் தாளைத் தேறியிருப்பார். பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அவர் பட்டத்துக்குத் தகுதி பெற்ற மாதம் அதுதான். அதற்குப் பிறகு நடந்த பட்டமளிப்பு விழாவின் தேதி சான்றிதழில் தனியாக இருக்கும். ஆக ஒரே பட்டத்துக்கு மூன்று தேதிகள்: படித்து முடித்தது, தேறியது, பட்டம் கொடுத்தது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ‘2015இல் தேர்ச்சி’ என்று எழுதியிருந்தால் அது தவறு. ‘2012–2015’ என்று மட்டும் எழுதியிருந்தால் கல்லூரியில் இருந்த காலத்தைச் சொல்லியிருக்கிறார். அரியரை மறைக்கத்தான் அப்படி எழுதினார் என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊரில் அநேகம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதை மோசடிக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

இந்த மூன்று தேதிகளும் எங்கே இருக்கின்றன என்பதுதான் முக்கியம். இணைப்புக் கல்லூரியில் படித்தவர் வகுப்புக்கு வந்தாரா, எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது கல்லூரியின் சேர்க்கைப் பதிவேட்டிலும் மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையிலும் இருக்கும். பல்கலைக்கழகத்திடம் இருப்பது தேர்வுப் பதிவேடு: பதிவெண், பெயர், பாடம், எந்தத் தேர்வில் எந்தத் தாள், எப்போது முழுத் தேர்ச்சி, என்ன வகுப்பு. அந்தப் பதிவேடும் பதிவாளர் அறையில் இருக்காது, தேர்வாணையர் அலுவலகத்தில் இருக்கும். பதிவாளர் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்துக்கும் முத்திரைக்கும் பொறுப்பானவர். அவருக்கு வரும் மெயிலில் நீதிமன்ற நோட்டீஸிலிருந்து கட்டட ஒப்பந்தம் வரை எல்லாம் இருக்கும். உங்கள் கடிதம் அங்கிருந்து தேர்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டால்தான் உயிர் பெறும்.

எனவே முகவரியில் தேர்வாணையரை முதலில் போடுங்கள், பதிவாளருக்கு நகல் போதும். நம் அலுவலக வழக்கில் இந்த வேலைக்கு ‘உண்மைத்தன்மை அறிதல்’ என்று பெயர். பொருள் வரியில் அந்தச் சொல்லே வரட்டும். படிக்கிற எழுத்தர் அதைப் பார்த்ததும் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வார். இப்படி எழுதலாம்:

பொருள்: பட்டச் சான்றிதழ் உண்மைத்தன்மை அறிதல் – பி.காம். – பதிவெண் (இங்கே எண்) – தேர்வு: நவம்பர் 2016

ஐயா/அம்மா, எங்கள் நிறுவனத்தில் பணிக்கு விண்ணப்பித்துள்ள திரு. (சான்றிதழில் உள்ளபடி பெயர்) அவர்களின் பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களும், இவற்றைச் சரிபார்க்க அவர் கையெழுத்திட்டுத் தந்த ஒப்புதல் கடிதமும் கட்டணம் செலுத்திய ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் பதிவேட்டின்படி (1) இந்தப் பதிவெண் யாருக்கு உரியது, (2) எந்தக் கல்லூரி அல்லது தொலைநிலைக் கல்வி வழியாகப் பயின்றவர், (3) முதல் செமஸ்டர் தேர்வு எழுதிய மாதம், ஆண்டு, (4) பட்டத்துக்குத் தகுதி பெற்ற மாதம், ஆண்டு, வகுப்பு, (5) இணைத்துள்ள சான்றிதழ் தங்கள் அலுவலகம் வழங்கியதுதானா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வி கேட்ட விதம். ‘2012–2015 சரியா?’ என்று கேட்டால், வேலைப்பளுவில் இருக்கிற ஒருவர் ‘சரி’ என்று முடித்துவிடலாம். கட்டத்தைக் காலியாக விட்டு, அவரையே பதிவேட்டைப் பார்த்து எழுத வைத்தால் அந்தப் பதிலுக்கு எடை வேறு. பொதுவாக வருகிற பதில் ‘சான்றிதழ் உண்மையானது’ என்ற ஒரு வரியும் முத்திரையும்தான். அது அந்தத் தாள் உண்மை என்று மட்டும் சொல்கிறது. படித்த காலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முதல் செமஸ்டர் எழுதிய மாதத்தைக் கேட்கச் சொன்னது அதற்காகத்தான். நவம்பர் 2012 என்று வந்தால் சேர்ந்த ஆண்டு தானாக நிலைபெற்றுவிடும்.

கட்டணம் உண்டு. எவ்வளவு, எந்த வழியில் கட்டுவது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பல்கலைக்கழக இணையதளத்தில் அன்றைக்கு இருப்பதைப் பார்த்துக் கட்டுங்கள். கட்டணமோ ஒப்புதல் கடிதமோ இல்லாத மெயில் கிடப்பில் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆதார் நகலை இணைக்க வேண்டாம், அது இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

படித்த காலத்துக்கு, கல்லூரி முதல்வருக்குத் தனியாக ஒரு கடிதம். மாற்றுச் சான்றிதழ் நகலை வைத்து, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடப்பிரிவு மூன்றையும் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் போன்ற கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன; மதிப்பெண் பட்டியலும் அங்கே உள்ள தேர்வாணையர் கையெழுத்தில்தான் வரும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தருவது. அப்படிப்பட்டவருக்கு மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ‘எங்களிடம் விவரம் இல்லை’ என்று பதில் வாங்கிவிட்டு ஆளைச் சந்தேகப்படக் கூடாது. தொலைநிலைக் கல்வியில் படித்தவரிடம் கல்லூரி டி.சி.யே இருக்காது, அங்கே சேர்க்கை எண்ணும் சேர்ந்த கல்வியாண்டும்தான் ஆதாரம்.

வயதில் மூத்தவர்களை எடுக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ 1980களில் படித்தவரின் பட்டம் மதுரை காமராசர் பெயரில் இருக்கும். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990இல்தான். இன்றைக்கு அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதினால் தவறான இடத்துக்குப் போகும். சான்றிதழின் தலைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கே எழுதுங்கள்.

முகவரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லவில்லை. விண்ணப்பதாரர் தந்த முகவரியோ சான்றிதழ் நகலில் அச்சிட்ட முகவரியோ வேண்டாம். யு.ஜி.சி. இணையதளத்தில் உள்ள பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்து அதன் தளத்துக்குப் போய், அங்கே உள்ள முகவரியை எடுங்கள். .ac.in என்று முடியும் பெயர்களை எர்நெட் இந்தியா கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற .com, .org போல அல்ல. 2015இல் கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் பற்றி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டதைப் படித்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை ஏன் என்று புரியும். இல்லாத பல்கலைக்கழகங்களுக்கு இணையதளம் வைத்துப் பட்டம் விற்றதோடு, அவற்றுக்கு அங்கீகாரம் தருவதாகச் சொல்லும் அமைப்புகளுக்கும் இணையதளம் வைத்திருந்தார்கள். சான்றிதழில் இருந்த முகவரிக்கே எழுதிக் கேட்டவருக்கு, விற்றவனிடமிருந்தே ‘உண்மைதான்’ என்று பதில் போயிருக்கும்.

சமீபத்திய ஆண்டுகளில் பட்டம் பெற்றவர் என்றால் டிஜிலாக்கரில் சான்றிதழ் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழகமே அங்கே ஏற்றிய ஆவணத்துக்குச் சட்டப்படி அசலுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஆனால் அவர் வாட்ஸப்பில் அனுப்புகிற பி.டி.எஃப்.ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் எதிரிலேயே அவர் தன் போனில் திறந்து, ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் காட்டட்டும். அவரே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்தது வேறு பகுதியில் இருக்கும், அதற்கு இந்த மதிப்பு கிடையாது. பழைய ஆண்டுகளின் சான்றிதழ்கள் பல இன்னும் ஏறவில்லை. அங்கே இல்லை என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது.

பதில் வந்ததும் அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். ‘விவரம் காணப்படவில்லை’ என்று வந்தால் பதற வேண்டாம். பதிவெண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்க, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்திருக்க, நீங்கள் ஆதார்ப்படி எழுதியிருக்கலாம். திருத்தி மறுபடி எழுதுங்கள். ‘இந்தப் பதிவெண் வேறொரு நபருக்கு உரியது’ என்று வந்தால் விஷயம் வேறு. அசல் சான்றிதழோடு ஆளை வரச்சொல்லிக் கேளுங்கள். அதுவரை உரிமத்தில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் தொழிலில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 64ஆவது விதிப்படி, மொத்த விற்பனைக்குப் பொறுப்பாக இருப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். அல்லது மருந்து வியாபாரத்தில் ஓராண்டு அனுபவமுள்ள பட்டதாரியாக. அல்லது நான்காண்டு அனுபவமுள்ள, பத்தாவது தேறியவராக. நீங்கள் எடுக்கிறவர் பட்டதாரி வழியில் வருகிறார். பட்டம் நிற்கவில்லை என்றால் ஓராண்டு அனுபவம் போதாது, நான்காண்டைக் காட்ட வேண்டியிருக்கும். அனுபவச் சான்றைத் தந்த கடையிலும் ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்; பல்கலைக்கழகம் அதற்குப் பொறுப்பில்லை.

இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லை என்றால் மெயிலையே மறுபடி அனுப்பிக்கொண்டிருக்காமல் நேரில் போய்விடுங்கள். உங்களுக்கு அது சிரமமே இல்லை, ஆரப்பாளையத்தில் ஏறுகிற தேனி பஸ் பல்கலைக்கழக வாசல் வழியாகத்தான் போகிறது. மெயிலின் அச்சுப் பிரதி, கட்டண ரசீது, ஒப்புதல் கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போய்க் கோப்பு எண் கேளுங்கள். எண் கையில் இருந்தால் அடுத்த முறை போனிலேயே முடியும். பதில் கடிதத்தை ஊழியர் கோப்பில் மட்டும் வைக்காமல் ஒரு நகலை உரிமக் கோப்பிலும் வையுங்கள். மருந்து ஆய்வாளர் வந்து கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.