லேப்டாப் பேட்டரி லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது?

அக்கா மகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அவளுடைய எச்பி லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, பேட்டரி லேபிளை எடுத்திருந்தாள். கீழே ஒரு வரி: "மாமா, இதுல ஏழு நம்பர் இருக்கு. எதைப் போட்டுத் தேடுறது?" சரியான கேள்வி. பலர் இதைக் கேட்காமலே "எச்பி 15 பேட்டரி" என்று தேடி, முதலில் வந்ததை வாங்கிவிடுகிறார்கள். எச்பி 15 என்ற பெயரில் வந்த 15-ac வரிசைக்கு HS04, 15-bs வரிசைக்கு JC04, 15-da வரிசைக்கு HT03XL. முதல் இரண்டும் நான்கு செல் பேட்டரிகள், மூன்றாவது மூன்று செல். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது.

1. குறை பேட்டரியில்தானா என்று பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். அதில் Design Capacity, Full Charge Capacity என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றலாம். அவளுடையதில் 41 சொச்சம் வாட்-மணி இருக்க வேண்டிய இடத்தில் 17தான் இருந்தது. இரண்டு எண்ணும் அருகருகே இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். அதே வோல்ட், அதே பின், அதே வாட் அல்லது கூடுதல் வாட் உள்ள வேறொரு எச்பி அடாப்டரைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. போட்டோ எடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் திருகுகள் ஒளிந்திருக்கும். ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். முழு லேபிள் ஒன்று, எழுத்து தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் ஒன்று, கனெக்டரும் வயரும் தெரிய ஒன்று என மூன்று படம் போதும். திறந்ததும் பேட்டரி தலையணை போல உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், திரும்ப சார்ஜ் போடாதீர்கள். டச்பேட் மேலெழும்பி நிற்பதும், அடிமூடி தரையில் சமமாக உட்காராததும் திறப்பதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள்.

3. எண்களைப் பிரித்துப் படியுங்கள். தடுமாற்றம் எல்லாம் இங்கேதான்.

அவள் லேபிளில் பெரிய எழுத்தில் இருந்தது HT03XL. அது பேட்டரியின் குடும்பப் பெயர். H, S, T, N, N என்று தொடங்கும் HSTNN-LB8L, பாதுகாப்புச் சான்றுக்காகப் பதிவான மாடல் எண். L11119-855 உதிரிபாக எண். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டியது இதைத்தான். பார்கோடுக்கு அடியில் உள்ள நீண்ட எண் அந்த ஒரு பேட்டரிக்கு மட்டும் உரியது. அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நான் எப்போதும் குடும்பப் பெயரையும் உதிரிபாக எண்ணையும் சேர்த்தே தேடுவேன். குடும்பப் பெயரை மட்டும் தேடினால், லேபிளில் அந்தப் பெயரை அச்சடித்துக்கொண்ட எல்லாச் சரக்கும் வந்து நிற்கும்.

அடுத்தது வோல்ட். அவளுடையதில் 11.55 என்று இருந்தது. "11.1 போட்டாலும் ஓடும், அரை வோல்ட்தானே" என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். அரை வோல்ட்டில் இருப்பது அளவு வித்தியாசம் அல்ல, செல்லின் வகையே வேறு. மூன்று செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் மூன்றால் வகுத்துப் பாருங்கள். 11.1 என்றால் செல்லுக்கு 3.7. அந்த வகை செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். 11.55 என்றால் செல்லுக்கு 3.85. இந்த வகை 4.4 வரை ஏற்றும்படி செய்யப்பட்டது. 4.2-இல் நிறையும் செல்லை 4.4 வரை ஏற்றினால் உள்ளே வாயு உருவாகும், செல் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். "பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட் தடுத்துவிடும்" என்பார்கள். நல்ல பேட்டரியில் தடுக்கும். வோல்ட்டையே மாற்றி விற்கும் பேட்டரியின் சர்க்யூட்டை நான் நம்பமாட்டேன்.

10.8-உம் 11.1-உம் விதிவிலக்கு. இரண்டும் 4.2-இல் நிறையும் ஒரே வகை செல். எழுதும் வழக்கம்தான் வேறு. மற்றபடி 7.4, 11.1, 14.8 ஆகியவை செல் எண்ணிக்கையே வேறானவை. அவற்றைக் கலக்கவே கூடாது.

4. கொள்ளளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். லேபிளில் அது Wh என்று இருக்கும். அவளுடையது 41.7. அதை 11.55-ஆல் வகுத்தால் சுமார் 3.6 ஆம்பியர்-மணி, அதாவது 3600 மில்லி ஆம்பியர்-மணி. அதே பேட்டரி என்று ஆன்லைனில் 5200 போட்டு ஒன்று, பாதி விலையில் வந்தது. அவர்கள் கொடுத்த 11.1 வோல்ட்டால் பெருக்கினால் 57.7 வாட்-மணி. அதே பள்ளத்தில், அதே தடிமனில் உட்கார வேண்டிய மூன்று தட்டைச் செல்களில் இவ்வளவு கூடுதல் சக்தியை அடைக்க இடமே இல்லை. எண் பொய் என்று வாங்காமலே தெரிந்துவிட்டது. நூறு, இருநூறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

5. கனெக்டரை ஒப்பிடுங்கள். வயர்களின் எண்ணிக்கை, வயர் வெளிவரும் பக்கம், திருகுத் துளைகளின் இடம் மூன்றும் படத்தில் ஒத்திருக்க வேண்டும். வயரை நீட்டிச் சரிசெய்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

6. இந்தியச் சான்றைச் சரிபாருங்கள். இந்தியாவில் விற்கும் பேட்டரியில் IS 16046 என்ற தர எண்ணும், R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த R எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்குப் பெற்றது என்று வரும். பேட்டரியின் பதிவு எண் என்று போட்டிருப்பது வேறு பொருளுடையதாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்பவரிடம் வாங்கும் முன்பே லேபிள் போட்டோ கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

7. மாற்றும்போதும் மாற்றிய பின்பும். பழைய கனெக்டரைக் கழற்றும்போது வயரை இழுக்காமல், பிளாஸ்டிக் பாகத்தைப் பிடித்து மெல்ல நெம்புங்கள். புதியதைப் பொருத்தி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே முதல்முறை முழுதாக ஏற்றுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். லேசான சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல. பிறகு அதே powercfg அறிக்கையை எடுங்கள். சர்க்யூட் சொல்லும் எண்ணை மட்டும் நம்பாமல், எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் பாருங்கள். முழுக் கொள்ளளவு காட்டிவிட்டு 40 சதவீதத்தில் திடீரென்று அணைந்தால் செல் நல்லதல்ல.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். கனெக்டர் முனையில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அக்கா மகள் கடைசியில் உதிரிபாக எண்ணைக் காட்டி சர்வீஸ் சென்டரிலேயே வாங்கினாள். விலை கூடத்தான். புது பேட்டரியின் லேபிளையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "11.55, 41.7. வகுத்துப் பாத்துட்டேன் மாமா."