படம் கொடுத்த நொடிகளுக்குள்: வாய்ஸ் ஓவர் எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு

எடிட்டிங் முடிந்துவிட்ட பயணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "படத்தில் ஒரு ஷாட்டையும் தொட முடியாது, பேச்சை மட்டும் மாற்றி எழுதுங்கள்" என்பார்கள். இந்த வேலை இப்படித்தான் வரும். ராமேஸ்வரம் பயணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் எடுத்தது. 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுபோயிற்று. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். படம் பழையதாகவே இருக்கும், பேச்சு மட்டும் இன்றைக்குப் பொருந்த வேண்டும். இதை வைத்தே சொல்கிறேன்.

1. எழுதும் முன் படத்தை ஒலியில்லாமல் பாருங்கள்.

பழைய ஸ்கிரிப்ட்டை ஓரமாக வையுங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் அதன் வாக்கியங்களையே சுருக்கிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு ஷாட்டும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் கண்ணை இழுக்கும் அசைவு எந்த நொடியில் வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். நம் எடுத்துக்காட்டில் தூக்குப்பால ஷாட் 0:42இல் தொடங்கி 0:51இல் முடிகிறது. பாலத்தின் இரண்டு கைகளும் 0:46இல் பிரிகின்றன. அந்த மூன்று எண்களும்தான் உங்களுக்கு வேண்டும். பிறகு ஒலியோடு ஒருமுறை பாருங்கள். கப்பலின் ஊதலோ, படகுக்காரர் பேச்சோ வரும் இடங்களில் குறுக்கே கோடு போடுங்கள். அங்கே நம் குரலுக்கு இடமில்லை.

2. சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள்.

தமிழில் 'வா' என்பதும் ஒரு சொல், 'அமைக்கப்பட்டுள்ளது' என்பதும் ஒரு சொல். ஆகவே நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு நமக்குக் கைகொடுக்காது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள். 'பாம்பன்' என்றால் பா, ப என இரண்டு. பயணப் படத்துக்குரிய நிதானமான வாசிப்பில் நான் நொடிக்கு ஐந்து எழுத்து என்று வைத்துக்கொள்கிறேன், முற்றுப்புள்ளிக்குத் தனியாக அரை நொடி. உங்களுக்கு வாசிக்கப்போகிறவரின் வேகம் வேறாக இருக்கலாம். அவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, நேரம் பார்த்து, அவருக்கான எண்ணைக் கண்டுபிடித்த பிறகு எழுத உட்காருங்கள்.

3. எண்களை வாய்க்கு வரும்படி விரித்து எண்ணுங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தாளில் '1964ஆம் ஆண்டில்' என்பது சின்னதாகத் தெரியும். வாயில் அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டில்'. பதினேழு எழுத்து, மூன்று நொடிக்கு மேல். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைக் காட்டும் ஷாட்டே ஐந்து நொடிதான் என்றால், புயலைப் பற்றிச் சொல்ல என்ன மிஞ்சும்? 'அறுபத்து நாலில்' என்றால் ஆறே எழுத்து. முழு ஆண்டும் வேண்டுமென்றால் திரையில் எழுத்தாகப் போடச் சொல்லுங்கள், பேச்சு புயலைச் சொல்லட்டும்.

4. கண் பார்ப்பதை வாய் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

தூக்குப்பால ஷாட்டுக்குப் பழைய ஸ்கிரிப்ட்டில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் நடுவில், கப்பல்கள் கடந்து செல்வதற்காக இரண்டாகப் பிரிந்து மேலே உயரக்கூடிய தூக்குப்பாலம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது."

எண்ணினால் எழுபது எழுத்து, பதினான்கு நொடி. நம்மிடம் இருப்பது ஒன்பது. 'செல்வதற்காக'வை 'செல்ல' என்றும், 'அமைக்கப்பட்டுள்ளது' என்பதை 'உள்ளது' என்றும் குறைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. அதில் ஒன்றரை நொடிகூட மிச்சமாகாது. மாறாக, இதில் எதையெல்லாம் படமே காட்டுகிறது என்று கேளுங்கள். பாலத்தின் நடுப்பகுதி, இரண்டாகப் பிரிவது, மேலே உயர்வது, கப்பல் போவது எல்லாம் திரையில் இருக்கின்றன. திரையில் இல்லாதவை இரண்டு. அந்தப் பாலத்தை ஆட்கள் கையால்தான் இயக்கினார்கள். அது நூறாண்டுக்கு மேல் பயன்பட்டது. அவற்றை மட்டும் எழுதினால்:

"கப்பல் வரும்போதெல்லாம் ஆட்கள் கையால் இயக்கித் திறந்த தூக்குப்பாலம். நூறாண்டுக்கு மேல் உழைத்தது."

முப்பது எழுத்து. ஆறு நொடி, நடுவிலுள்ள நிறுத்தத்துக்கு அரை நொடி. 'அமைக்கப்பட்டுள்ளது' என்ற நிகழ்காலமும் போய்விட்டது, கவனியுங்கள். இன்று அந்தப் பாலத்தில் ரயில் இல்லை என்பதால் 'திறந்த', 'உழைத்தது' என்று இறந்தகாலத்தில் சொன்னால்தான் செய்தி சரியாகும்.

5. சொல் படத்துக்கு முந்தக் கூடாது.

மொத்த நேரத்துக்குள் அடங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. 'திறந்த' என்ற சொல், பாலம் பிரியும் 0:46இல் விழ வேண்டும். அதற்கு முன்பு பதினான்கு எழுத்து இருக்கிறது, மூன்று நொடிக்குச் சற்றுக் குறைவு. ஷாட் தொடங்கியவுடனே பேசினால் சொல் ஒரு நொடிக்கு மேல் முந்திவிடும், பார்ப்பவர் மூடிய பாலத்தைப் பார்த்துக்கொண்டு 'திறந்த' என்று கேட்பார். ஆகவே 0:43இல் தொடங்கச் சொல்லித் தாளில் எழுதுங்கள். பேச்சு 0:49.5இல் முடியும், மீதி ஒன்றரை நொடி கடலின் ஒலிக்கு.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் செயலைச் சொல்லும் சொல் தாமதமாவது வழக்கம். அசைவு ஷாட்டின் தொடக்கத்திலேயே வந்தால் வரிசையை மாற்றுங்கள். "ஆட்கள் கையால் திறந்த பாலம் இது" என்று முதலில் போட்டு, கப்பலைப் பிறகு சொல்லலாம். அரை நொடி பிந்தினால் யாருக்கும் உறுத்தாது, முந்தினால் உறுத்தும்.

6. வேகத்தை ஏற்றிச் சமாளிக்காதீர்கள்.

"கொஞ்சம் வேகமாகப் படித்துவிடலாம்" என்று ஸ்டூடியோவில் யாராவது சொல்வார்கள். வேகம் கூடினால் முதலில் கெடுவது ல, ள, ழ வேறுபாடும் வாக்கியக் கடைசியும். 'உழைத்தது' என்பதில் கடைசித் 'து' காதில் விழாவிட்டால் வேகம் மிஞ்சிவிட்டது என்று அறியுங்கள். பதிவுக்குப் பிறகு எடிட்டர் கணினியில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு இறுக்கினால் பெரும்பாலும் தெரியாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தவறு உரையில் இருக்கிறது. ஒரு தகவலை முழுதாக எடுத்துவிட்டு, நீளமான வேறொரு ஷாட்டுக்குக் கொண்டுபோங்கள். 1914 என்ற ஆண்டு பாலத்தை முழுதாகக் காட்டும் ஷாட்டில் நிம்மதியாக உட்காரும்.

7. மனசுக்குள் வாசித்து நேரம் பார்க்காதீர்கள்.

மனசுக்குள் வாசிப்பது எப்போதும் வேகமாக ஓடும். படத்தை ஓடவிட்டு, வாய்விட்டு வாசித்து, போனில் பதிவு செய்து, அந்தப் பதிவைப் படத்தோடு சேர்த்துக் கேளுங்கள். முந்தும் சொல்லும் முட்டும் வரியும் அப்போதே தெரியும். திருத்தியதும் அந்த வரியை மட்டும் வாசித்துப் பார்த்தால் போதாது, முந்தைய வரியிலிருந்து வாசியுங்கள், மூச்சு எடுக்கும் நேரமும் கணக்கில் வரும். ஸ்டூடியோவுக்குப் போகும் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொடங்கும் நொடி, முடியும் நொடி, படத்தோடு சேர வேண்டிய சொல்லின் கீழ் ஒரு கோடு, இவ்வளவும் இருக்க வேண்டும். வாசிப்பவருக்கு அந்தக் கோடு எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். அவர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து வாசிப்பார்.