பெருந்தொகையை வைப்பிலிட முன் வங்கியின் ஐந்தொகையைப் பார்க்கும் முறை



பெற்றோரின் செலவுக்கென்றும், சென்னையில் ஒரு வீடு வாங்கவென்றும் இந்திய வங்கிகளில் என்.ஆர்.ஈ. நிலையான வைப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. அங்கே வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபா வரையே. 2020 பெப்ரவரி 4க்கு முன்னர் அது 1 இலட்சமாக இருந்தது. அதற்கு மேற்பட்ட தொகையை வைக்கும்போது வட்டி வீதத்தை மட்டும் விசாரித்தால் போதாது. வங்கி வெளியிடும் கணக்கில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை யெஸ் வங்கியின் 2019 மார்ச் 31 ஐந்தொகையை வைத்தே சொல்கிறேன். பெரிய அரச வங்கிகளைவிடச் சேமிப்புக் கணக்குக்குக் கூடிய வட்டி கொடுத்து வைப்பாளரை ஈர்த்த தனியார் வங்கி அது.

முதலில் கெட்ட கடன். வட்டியோ முதலோ 90 நாளுக்கு மேல் கட்டப்படாமல் கிடந்தால் அது செயற்படாக் கடன் எனப்படும். அந்தக் கடன்கள் முழுவதையும் மொத்தக் கடனால் வகுத்தால் வருவது மொத்தச் செயற்படாக் கடன் விகிதம். நட்டத்துக்கென வங்கி ஏற்கனவே ஒதுக்கிய தொகையைக் கழித்துக் கணித்தால் தேறிய விகிதம். யெஸ் வங்கி அந்த ஆண்டு காட்டிய மொத்த விகிதம் 3.22 வீதம், தேறிய விகிதம் 1.86 வீதம். அப்போது பல அரச வங்கிகளின் விகிதம் 10 வீதத்துக்கும் மேல். ஆகவே பார்த்தவர்களுக்கு இது நல்ல வங்கியாகவே தெரிந்திருக்கும்.

இங்கேதான் கணக்காளர் ஒருவர் கீழே உள்ள எண்ணைப் பார்ப்பார். விகிதம் என்பது பின்னம். மேலே உள்ள கெட்ட கடன் வளர்ந்தாலும், கீழே உள்ள மொத்தக் கடன் அதைவிட வேகமாக வளர்ந்தால் விகிதம் அழகாகவே இருக்கும். 2016 மார்ச்சில் இந்த வங்கி கொடுத்திருந்த கடன் 98,210 கோடி ரூபா. 2018 மார்ச்சில் அது 2,03,534 கோடி. இரண்டே ஆண்டில் இருமடங்கு. புதிதாகக் கொடுத்த கடன் முதல் ஆண்டிலேயே கெடுவது அரிது. கடன் வாங்கியவர் கையில் அந்தப் பணமே இருக்கும், அதிலிருந்தே வட்டி கட்டுவார். எனவே நான் செய்வது இதுதான்: இன்றைய கெட்ட கடனை இரண்டு ஆண்டுக்கு முந்திய கடன் தொகையால் வகுத்துப் பார்ப்பேன். 2019இல் கெட்ட கடன் 7,883 கோடி. 2017 மார்ச்சில் கடன் 1,32,263 கோடி. விகிதம் ஏறத்தாழ 6 வீதமாகிறது. 3.22 வீதம் என்ற எண் சட்டப்படி சரியானதே, ஆனால் பழைய கடன்களின் நிலையை அது சொல்லவில்லை.

அடுத்து, ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் வரும் குறிப்புகள். பலர் அங்கே போவதே இல்லை. வங்கி நல்ல கடன் என்று எழுதியதை ரிசேர்வ் வங்கி பரிசோதித்துக் கெட்ட கடன் என்று கண்டால், அந்த வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டும்போது வங்கி அதனைக் குறிப்பில் வெளியிடவேண்டும். 2017 மார்ச்சுக்கு யெஸ் வங்கி காட்டிய கெட்ட கடன் 2,018 கோடி. ரிசேர்வ் வங்கியின் மதிப்பீடு 8,374 கோடி. நான்கு மடங்குக்கும் மேல். அதற்கு முந்திய ஆண்டிலும் 4,177 கோடி வேறுபாடு. ஒரு தடவை நடந்தால் அபிப்பிராய பேதம் எனலாம். தொடர்ந்து இரண்டு ஆண்டு நடந்தால், அந்த வங்கி தன்னைப்பற்றித் தானே சொல்லும் விகிதங்களை நான் நம்பமாட்டேன். என்னைப் பொறுத்தவரை, மற்ற எல்லா எண்களையும்விட இந்த ஒரு குறிப்புப் பெறுமதியானது.

இனி மூலதனப் போதுமை. கடன் கெட்டால் நட்டத்தை முதலில் தாங்குவது பங்காளரின் பணம். அது தீர்ந்த பின்னர்தான் வைப்பாளர் பக்கம் ஆபத்து நெருங்கும். சொத்துக்கள் எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. அரச கடன் பத்திரத்துக்குச் சுழிய நிறையும், கம்பனிக் கடனுக்குக் கூடிய நிறையும் கொடுத்துக் கூட்டி, அந்தத் தொகையால் மூலதனத்தை வகுப்பார்கள். யெஸ் வங்கி முன்பக்கத்தில் காட்டிய விகிதம் 16.5 வீதம். ஆனால் அதில் பாதியளவே உண்மையான பங்கு மூலதனமும் ஒதுக்கங்களும். பாசல் 3 அட்டவணையில் இது பொதுப் பங்கு முதல் அடுக்கு எனத் தனியாக வரும். அதன் விகிதம் 8.4 வீதம். மிகுதி நிரந்தரப் பத்திரங்களும் நீண்டகாலக் கடன் பத்திரங்களும். அவை எமக்குப் பின்னால் நிற்பவை என்பது சரிதான், ஆனால் வங்கியை நடத்திச் செல்ல உதவுவது முதல் அடுக்கே. பின்னர், 2020 மார்ச்சில், 8,415 கோடி ரூபாவுக்கான நிரந்தரப் பத்திரங்கள் ஒரேயடியாகச் சுழியமாக்கப்பட்டன.

இப்போது ஒரு சிறு கணக்கு. 2019 மார்ச்சில் சட்டப்படி வேண்டிய முதல் அடுக்கு, பாதுகாப்புத் தாங்கியும் சேர்த்து, 7.375 வீதம். கையில் இருந்தது 8.4. உபரி ஏறக்குறைய 1 வீதம். நிறையிட்ட சொத்துக்கள் சுமார் 3 இலட்சம் கோடி என்பதால், அந்த உபரி சுமார் 3,000 கோடி ரூபா. அதே காலத்தில் வங்கி நிர்வாகமே, கெடக்கூடும் என்று கண்காணிக்கும் கடன்கள் 10,000 கோடி வரை என்று சொன்னது. அதில் பாதி நட்டமானால் 5,000 கோடி. வரி நிவாரணம் கொஞ்சம் கிடைத்தாலும் உபரி போய்விடும். இதைக் கணிக்க ஒரு சாதாரண கல்குலேட்டர் போதும்.

நடந்தது இதைவிட மோசம். 2019 டிசெம்பர் காலாண்டுக் கணக்கை உரிய நாளில் வெளியிடமுடியாதென்று வங்கி 2020 பெப்ரவரியில் அறிவித்தது. கணக்குப் பிந்துவதே பெரிய அறிகுறி. மார்ச் 5ஆம் திகதி ரிசேர்வ் வங்கி தலையிட்டது; பொதுவாக ஒரு வைப்பாளர் 50,000 ரூபாவுக்கு மேல் எடுக்கமுடியாமற் போனது. மார்ச் 14இல் வெளியான கணக்கில் மொத்தச் செயற்படாக் கடன் விகிதம் 18.87 வீதம், முதல் அடுக்கு மூலதனம் 0.6 வீதம். ஸ்ரேற் பாங்க் ஒப் இந்தியா முன்னின்று முதலிட்டதால் மார்ச் 18இல் தடை நீங்கியது. வைப்பாளர் பணம் இழக்கவில்லை. ஆனால் அந்த இரு வாரங்களில் ஆஸ்பத்திரிச் செலவோ கல்யாணச் செலவோ இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் முன்னரே வெளியேறியிருந்தார்கள். 2019 செப்ரெம்பரில் 2,09,497 கோடியாக இருந்த வைப்புக்கள் டிசெம்பரில் 1,65,755 கோடி. செப்ரெம்பர் எண்ணே, அவ்வருட மார்ச்சில் இருந்த 2,27,610 கோடியைவிடக் குறைவு. வளரும் நாட்டில், கூடிய வட்டி கொடுக்கும் வங்கியின் வைப்பு அரையாண்டில் குறைந்தால் காரணம் கேட்கவேண்டும். ஆகவே ஆண்டறிக்கை மட்டும் போதாது, காலாண்டு அறிக்கைகளையும் பாருங்கள். எல்லாம் வங்கியின் இணையத்தளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இலவசமாகக் கிடைக்கும்.

இந்த முறை கடன் கெடும் வங்கியைத்தான் காட்டும். 2023 மார்ச்சில் வீழ்ந்த அமெரிக்காவின் சிலிக்கன் வலி வங்கியில் கடன்கள் நன்றாகவே இருந்தன. வட்டி வீதம் ஏறியதால் நீண்டகாலப் பத்திரங்களின் சந்தைப் பெறுமதி விழுந்தது. 2022 முடிவில் முதிர்வுவரை வைத்திருக்கும் பத்திரங்களில் மட்டும் சுமார் 15 பில்லியன் டொலர் குறைவு, பங்காளர் பணமோ சுமார் 16 பில்லியன். அதுவும் ஐந்தொகையில் அச்சிட்டே இருந்தது, சந்தைப் பெறுமதி என்ற ஒரு வரியில்.

பணத்தைப் பிரித்து வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: இந்தியக் காப்புறுதியில் ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் ஒருவர் பெயரில் உள்ளவை எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் தனித்தனியாக உள்ள கணக்குகளுக்குத் தனித்தனி வரம்பு உண்டு.