மாமா எழுதிய கடிதம்

வில்லியனூரில் ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்கா மகன் காரைக்காலில் பெயர்ப் பலகை எழுதுபவர். மாமாவின் கடைப் பலகைக்கு அவர் ஒரு மாதிரி வரைந்து அனுப்பினார். அதைப் பார்த்து மாமா கடிதம் எழுதினார்.

வில்லியனூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

உன் மாதிரி கிடைத்தது. தையல் மெஷின் படம் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பலகை கடைக்கு உதவாது. மனதில் பட்டதைச் சொல்கிறேன். கோபப்படாதே.

நீ போட்ட 2 அங்குல எழுத்தைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். ரோட்டைத் தாண்டி 40 அடி தள்ளி நின்றேன். படிக்க முடியவில்லை. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் வேண்டும். 40 அடிக்கு 4 அங்குலம்.

பலகையின் உயரம் 2 அடிதான். பாதி இடத்தைப் படமே பிடித்துக்கொண்டது. படத்தை எடுத்துவிடு. மேலே 'தையல் கடை' என்று 8 அங்குலத்தில் எழுது. கீழே 'சட்டை, ஜாக்கெட், சுடிதார்' என்று 4 அங்குலத்தில் எழுது.

நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து வேண்டாம். பொழுது சாய்ந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மஞ்சளில் கறுப்பு எழுத்து போடு.

இன்னொன்று. 'தையல்' என்பதில் புள்ளி இல்லை. 'தையல' என்று இருக்கிறது. தாளில் திருத்துவது சுலபம். பலகையில் ஏறிவிட்டால் ஊரே சிரிக்கும்.

மாற்றி வரைந்து அனுப்பு. நீதான் எழுத வேண்டும். கூலி முழுவதும் தருவேன்.

அன்புடன்,
உன் மாமா

பதில் சொல்லுங்கள்

1. மாமா எழுத்தை எப்படிச் சோதித்தார்?
2. 60 அடி தள்ளிப் படிக்க எத்தனை அங்குல எழுத்து வேண்டும்?
3. மாமா சொன்ன எழுத்துப் பிழை என்ன?