பிள்ளையார் பக்கத்தில் ஓர் உருளி



செல்போனில் எடுத்த படத்தில் இல்லாத ஒரு பொருளை, இப்போது எழுதிக் கேட்டே சேர்க்கலாம். ஜெமினி போன்ற செயலியில் படத்தைக் கொடுத்து, என்ன வேணும்னு தமிழிலேயே எழுதினால் அது வரைந்து தரும். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம்.

மாமல்லபுரத்துக் கருங்கல் பிள்ளையார் ஒன்றை விற்பனைக்குப் படம் எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி உயரச் சிலை, திண்ணை மேல் இருக்கு. பக்கத்தில் பூ மிதக்கும் உருளி ஒன்று இருந்தால் படம் நிறைவா இருக்கும்.

"ஒரு உருளி சேர்க்கவும்" என்று மட்டும் எழுதினால், பெரும்பாலும் அண்டா மாதிரி பெரிசா, எவர்சில்வர் போல மின்னிக்கிட்டு, சிலையை மறைச்சு வந்து நிற்கும். நாம் சொல்லாததை அதுவே ஊகிக்குது. அதனால் இடத்தையும் அளவையும் பொருளையும் சொல்லணும்:

"படத்தைப் பார்ப்பவருக்கு வலது பக்கம், சிலையைத் தொடாமல், திண்ணைத் தரையில் ஒரு சிறிய பித்தளை உருளி. உயரம் சிலையில் கால்வாசி. பழைய, மங்கிய பித்தளை. உள்ளே தண்ணீர், அதில் சாமந்திப் பூக்கள்."

'வலது' என்று மட்டும் எழுதினால் பிள்ளையாரின் வலதா, நம்ம வலதா என்று குழம்பும். 'ஆறு அங்குலம்' என்பதும் உதவாது. படத்தில் இருக்கிற ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்லணும்.

இனி உருளி ஒட்டவெச்ச மாதிரி தெரிந்தால், காரணம் பெரும்பாலும் நிழல். சிலையின் நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க, வெளிச்சம் அதற்கு எதிர்ப்பக்கம். நம்ம கரையில் காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து வரும். வடக்கு பார்த்து நின்று எடுத்த படம் என்றால் வெளிச்சம் வலப்பக்கம். ஆகவே இதையும் சேர்த்து எழுதுவோம்: "வலப்பக்கத்திலிருந்து காலை வெயில். உருளியின் நிழல், சிலையின் நிழல் போலவே இடப்பக்கம் நீண்டு விழவேண்டும். சிலையை மாற்ற வேண்டாம்."

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க. அப்போதுதான் எந்த வரி வேலை செஞ்சதுன்னு தெரியும். திருத்திய படத்தையே திரும்பத் திரும்பத் திருத்தினால் மற்ற இடங்களும் கொஞ்சம் கொஞ்சமா மாறிப்போகும். முதலில் எடுத்த படத்தையே மறுபடி கொடுத்து, திருத்திய வாசகத்தை முழுசா எழுதுங்க.

'மாற்ற வேண்டாம்' என்று எழுதியும் சிலை மாறலாம், ஏனென்றால் சில செயலிகள் படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. மூலப் படத்தையும் புதுப் படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தும்பிக்கை அதே பக்கம்தான் வளைகிறதா? விரல்கள் சரியா? உளித்தடம் வழவழன்னு ஆகிவிட்டதா? வலம்புரி கேட்டு வாங்குகிறவருக்கு இடம்புரி போனால் பார்சல் திரும்பி வரும், செலவு நம்ம தலையில். சிலை கொஞ்சம் மாறியிருந்தாலும் அந்தப் படத்தைப் போடக்கூடாது.

படத்தின் கீழே "உருளி அலங்காரத்துக்காகச் சேர்த்தது, விற்பனைக்கு அல்ல" என்று ஒரு வரி எழுதிடுங்க. கூடவே, எதுவும் சேர்க்காத மூலப் படம் ஒன்றையும் வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்க.